சரக்கு நிறைய இருந்தும் ஓடியைக் கூட்ட வங்கி ஏன் தயங்குகிறது?

கேள்வி: ஐயா, திருகோணமலை நகரில் பதினொரு வருடமாக மீன்பிடி உபகரணக் கடை வைத்திருக்கிறேன். வலை, கயிறு, மிதவை, ஈயம், வெளியிணைப்பு இயந்திர உதிரிப்பாகம் எல்லாம் விற்கிறேன். வருட விற்பனை 360 இலட்சம் ரூபாய். நவம்பர் 30இல் எண்ணியபோது கடையில் 96 இலட்சத்துக்குச் சாமான் இருந்தது. கொழும்புக் கம்பனிகளுக்கு 38 இலட்சம் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் இருந்து 30 இலட்சம் வர வேண்டும். வீட்டு உறுதியை ஈடு வைத்து 15 இலட்சம் ஓடி, அதாவது மேலதிகப்பற்று, எடுத்திருக்கிறேன். அதை 40 இலட்சமாக உயர்த்தக் கேட்டபோது முகாமையாளர், "கணக்கில் புரள்வு காணாது, ஒழுங்கான முன்மொழிவு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். வங்கிக் கூற்று, சரக்குப் பட்டியல், கடன் புத்தகப் பக்கங்களை இணைத்துள்ளேன். எதை, எப்படி எழுதிக் கொடுப்பது?

பதில்:

முகாமையாளரின் கையில் உங்கள் விற்பனைப் புத்தகம் இல்லை. அவரிடம் இருப்பது நடைமுறைக் கணக்கின் கூற்று மட்டும்தான், அதில் வந்துபோகும் காசைத்தான் புரள்வு என்கிறார். அதில் பன்னிரண்டு மாதத்து வரவைக் கூட்டினால் 210 இலட்சம் வருகிறது. ஆனால் கடன் பிரிவில் இருப்பவர் அந்தத் தொகையை அப்படியே எடுக்க மாட்டார். வைப்புச் செய்து பிறகு திரும்பிய காசோலைகள் 12 இலட்சத்துக்கு உண்டு, அதைக் கழிப்பார். சீட்டு எடுத்த காசு, உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றிய காசு என்று 18 இலட்சம் உள்ளே வந்திருக்கிறது. அது வியாபார வரவு அல்ல என்பதால் அதையும் கழிப்பார். மீதி 180 இலட்சம். மாதத்துக்கு 15 இலட்சம். அதாவது இப்போதுள்ள 15 இலட்ச ஓடியே கணக்கின் ஒரு மாத வரவுக்குச் சமமாக இருக்கிறது. 40 கேட்டால், கணக்கில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மாதம் வரும் காசு முழுவதையும் கேட்பது போல அவருக்குத் தெரியும். அவர் தயங்கியதில் தவறில்லை.

ஆகவே முன்மொழிவின் முதல் வேலை, 360க்கும் 180க்கும் நடுவில் உள்ள மற்றப் பாதி எங்கே போனது என்று காட்டுவது. கணக்குப் படித்தவர்கள் இதை இணக்கக்கூற்று என்பார்கள். உங்கள் தாள்களைப் பார்த்ததில் அது இப்படித்தான் வருகிறது: இந்த வங்கிக் கணக்கு வழியாக 180 இலட்சம், மற்ற வங்கிக் கணக்குக்கு 45 இலட்சம், சாமான் இறக்கும் லொறியில் வரும் விற்பனைப் பிரதிநிதிகளின் கையில் காசாகக் கொடுத்தது 95 இலட்சம், கல்லாவிலிருந்து நேரே கூலிக்கும் வாடகைக்கும் வீட்டுக்கும் போனது 40 இலட்சம். கூட்டினால் 360. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று வேண்டும். மற்ற வங்கியின் கூற்று, கம்பனிகள் தந்த பற்றுச்சீட்டுகள், கம்பனியிடம் கேட்டு வாங்கக்கூடிய உங்கள் பெயரிலான கணக்குக் கூற்று. இதில் கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் பெறுமதியானது. நீங்கள் எழுதிய புத்தகத்தை விட, உங்களுக்குச் சாமான் விற்றவர் எழுதிய கணக்கை வங்கி கூடுதலாக நம்பும்.

இதை எழுதும்போது வருமான வரி அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கோப்பில் ஒரு விற்பனையும் வங்கிக் கோப்பில் இன்னொரு விற்பனையும் இருந்தால் முன்மொழிவு அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டு தொகையும் ஒரே மேசைக்கு வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இந்த அளவு விற்பனைக்கு வற் பதிவு பொருந்துகிறதா என்பதையும் உங்கள் கணக்காளரிடம் இப்போதே உறுதிசெய்யுங்கள். அதைப் பற்றி வங்கி கேட்கும் நாளில் பதில் தயாராக இருக்க வேண்டும்.

கடந்த வருடத்தை இணக்கக்கூற்றால் விளக்கலாம். ஆனால் வரும் மாதங்களில் விளக்கத்துக்கு வேலை இருக்கக் கூடாது. இன்றிலிருந்து கல்லாக் காசை ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கில் வைப்புச் செய்துவிட்டு, கம்பனிகளுக்கு இந்தக் கணக்கிலிருந்து காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ செலுத்துங்கள். காலையில் ஐந்து இலட்சம் போட்டு மாலையில் அதையே எடுத்து, மறுநாள் மீண்டும் போட்டுப் புரள்வை ஊதிக் காட்டச் சிலர் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். ஒரே முழுத் தொகை உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி வருவது கூற்றில் பளிச்சென்று தெரியும். ஒருமுறை அதைக் கண்ட அதிகாரி உங்கள் மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இனிச் சரக்கு. 96 இலட்சம் என்பது பொருட்களில் ஒட்டியிருக்கும் விற்பனை விலையில் எண்ணியது என்று பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. வங்கிக்குக் கொடுக்கும் சரக்குப் பெறுமதி கொள்விலையில் இருக்க வேண்டும். கொள்விலையை விடச் சந்தை விலை கீழே போயிருந்தால் அந்தக் குறைந்த விலையில் இருக்க வேண்டும். நீங்கள் கொள்விலைக்கு மேல் 20 வீதம் வைத்து விற்கிறீர்கள். ஆகவே 96ஐ 1.2ஆல் வகுத்தால் 80 இலட்சம். மற்ற 16 இலட்சமும் இன்னும் உழைக்காத இலாபம், அதன் மேல் யாரும் கடன் தர மாட்டார்கள்.

அந்த 80இலும் இரண்டு கழிவு உண்டு. ஒரு கம்பனி 4 இலட்சத்துக்கு உதிரிப்பாகம் தந்து, "விற்ற பிறகு காசு தாருங்கள், விற்காததைத் திருப்பித் தாருங்கள்" என்று வைத்திருக்கிறது. அது உங்கள் கடையில் இருந்தாலும் உங்கள் சொத்து இல்லை. அடுத்து, இரண்டு வருடமாக அசையாத சாமான் 8 இலட்சத்துக்கு இருக்கிறது. பழைய மாதிரி இயந்திரங்களின் உதிரிகள், இப்போது யாரும் கேட்காத கண் அளவு வலைகள். அவற்றோடு சில கட்டுத் தங்கூசி வலையும் பட்டியலில் கிடக்கிறது. தங்கூசி தடைசெய்யப்பட்ட வலை. அதைப் பட்டியலில் எழுதி வங்கிக்குக் கொடுப்பது உங்களுக்கு எதிராக நீங்களே எழுதிக் கொடுக்கும் தாள். விற்கவும் முடியாது, ஈடாகவும் காட்ட முடியாது. பட்டியலில் இருந்தும் கடையில் இருந்தும் அகற்றுங்கள். இரண்டு கழிவும் போக 68 இலட்சம் நிற்கிறது.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்த படிதான். 68 இலட்சச் சரக்கில் 38 இலட்சம் கம்பனிகளின் காசு, நீங்கள் இன்னும் கொடுக்காத காசு. கம்பனி ஏற்கனவே கடனாகத் தந்த சாமானுக்கு வங்கி இன்னொரு முறை கடன் தராது. ஆகவே காசு கொடுத்து வாங்கிய சரக்கு 30 இலட்சம். வங்கி அதிலும் ஒரு பங்கை விலை வீழ்ச்சிக்கும் சேதத்துக்கும் என்று ஒதுக்கும். அந்தப் பங்கு வங்கிக்கு வங்கி வேறுபடும், உங்கள் கிளையில் கேட்டால் சொல்வார்கள். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 20 இலட்சம் மிஞ்சும். வர வேண்டிய கடன் 30 இலட்சத்தில் தொண்ணூறு நாளுக்கு மேற்பட்டது 10 இலட்சம். அதை வங்கி பூச்சியமாகவே எடுக்கும். மீதி 20இல் பாதியை ஏற்றால் 10. சரக்கு 20, வரவேண்டியது 10, ஆக 30 இலட்சம். உங்கள் சரக்கும் கடன் புத்தகமும் தாங்கக்கூடிய ஓடி எல்லை இதுதான். 96 இலட்சத்திலிருந்து புறப்பட்டு 30இல் வந்து நிற்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இந்தக் கழிவுகளை நீங்களே செய்து காட்டினால், அதிகாரி தன் பங்குக்கு இன்னும் கூடுதலாக வெட்ட மாட்டார். நீங்கள் 96 என்று கொடுத்தால், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அவர் வெட்டிக்கொண்டே போவார்.

நம் ஊர்க் கிளைகள் பெரும்பாலும் காணி, வீட்டு உறுதியின் மேல்தான் ஓடி தருகின்றன. சரக்குப் பட்டியல் அங்கே பிணை அல்ல, சான்று. அப்படியானால் இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். வீடு, கடன் திரும்பி வராத நாளுக்காக வைக்கப்படுவது. கடன் எதிலிருந்து திரும்பி வரும் என்ற கேள்விக்குச் சரக்கும் வசூலும்தான் பதில். வீட்டின் பெறுமதி எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எல்லை உயராது.

அப்படியானால் 40ஐ மறந்துவிடுவதா? வேண்டாம். உங்கள் கூற்றில் இன்னொரு விஷயம் தெரிகிறது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஓடி ஒருநாள்கூட 10 இலட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. 10க்கும் 15க்கும் நடுவிலேயே ஆடியிருக்கிறது. ஓடி என்பது கடல் போல ஏறி வற்ற வேண்டியது. வற்றாமல் நிற்கும் 10 இலட்சம் உண்மையில் நீண்டகாலக் கடன். அது எங்கே உறைந்து கிடக்கிறது என்பதும் மேலே வந்துவிட்டது: அசையாத சரக்கு 8, பழைய கடன் 10. அதிகாரி முதலில் தேடுவதும் இந்த வற்றாத பகுதியைத்தான். ஓடியின் பெயரில் உறைந்த காசு இருக்கும் வரை, எல்லையை உயர்த்தினால் புதிய எல்லையிலும் போய் அது உறைந்துவிடும் என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

ஆகவே கேட்பதை இரண்டாகப் பிரியுங்கள். வற்றாத 10 இலட்சத்தை மூன்று வருடத்தில் மாதத் தவணையில் கட்டும் கடனாக மாற்றித் தரும்படி கேளுங்கள். அதனால் ஓடி பூச்சியம் வரை இறங்க முடியும். அதன்மேல் ஓடி எல்லையை 15இல் இருந்து 30 இலட்சமாக உயர்த்தக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து 40தான். ஆனால் இப்போது ஒவ்வொரு தொகைக்கும் தனியான காரணமும் தனியான திருப்பிக் கட்டும் வழியும் உண்டு.

30 எதற்கு என்பதைப் பருவம் சொல்ல வேண்டும். உங்கள் மாத விற்பனையைப் பார்த்தால் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் 16 இலட்சம். வாடைக்காற்றில் படகு இறங்காத மாதங்கள். மார்ச்சில் 36, ஏப்ரலிலும் மே மாதத்திலும் 44. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது அங்கிருந்து புல்மோட்டை, குச்சவெளிப் பக்கம் வரும் மீனவர்களின் வியாபாரமும் இதற்குள் அடங்கும். சாமானோ பெப்ரவரியிலும் மார்ச்சிலும் கடைக்குள் வந்துவிட வேண்டும். விற்பனையில் பாதி கைக்காசு, மற்றப் பாதி சம்மாட்டிமாருக்குக் கடன், அது இரண்டு மாதம் கழித்து வருகிறது. இந்த இடைவெளியை மாதவாரியாக எழுதினால் கீழே உள்ளது போல வரும். எல்லாம் இலட்சத்தில். செலுத்துகையில் சாமானுக்குக் கொடுப்பதோடு கடைச் செலவு, வட்டி, புதிய கடன் தவணை, வீட்டுக்கு எடுப்பது எல்லாவற்றுக்குமாக மாதம் 4 இலட்சம் சேர்ந்திருக்கிறது. ஜனவரி முதலாம் திகதி ஓடி பூச்சியம் என்று தொடங்கியிருக்கிறேன்.

| மாதம் | வசூல் | செலுத்துகை | மாத முடிவில் ஓடி |
|---|---|---|---|
| ஜனவரி | 16 | 20 | 4 |
| பெப்ரவரி | 18 | 28 | 14 |
| மார்ச் | 26 | 36 | 24 |
| ஏப்ரல் | 32 | 35 | 27 |
| மே | 40 | 36 | 23 |
| ஜூன் | 42 | 36 | 17 |
| ஜூலை | 41 | 35 | 11 |
| ஆகஸ்ட் | 38 | 32 | 5 |
| செப்டெம்பர் | 35 | 28 | கையில் 2 |

மாத முடிவில் உச்சம் 27. ஆனால் காசோலைகள் மாத முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. கம்பனிகளுக்குக் கொடுத்த பின்திகதிக் காசோலைகள் 10ஆம், 15ஆம் திகதிகளில் ஒன்றாக வந்து விழும்போது இரண்டு மூன்று இலட்சம் கூடுதலாக ஏறும். அதனால்தான் 30. செப்டெம்பரில் கணக்கு வரவு மீதிக்கு வந்துவிடுகிறது. இந்தக் கடைசி வரிதான் அட்டவணையின் உயிர். எந்த மாதத்தில் ஓடி முழுவதும் வற்றும் என்று நீங்களே சொல்லி, அந்த மாதத்தில் வற்றவைத்தும் காட்டினால், அடுத்த வருட மீளாய்வு தானாக நடக்கும். தொண்ணூறு நாள் தாண்டிய அந்த 10 இலட்சத்தை இந்த வசூலில் சேர்க்கவில்லை. அதில் வருவது வந்தால் மேலதிகம்.

முகாமையாளர் நிச்சயம் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கும் பதில் எழுதிவையுங்கள்: இந்த வட்டியைக் கட்டியும் உங்களுக்கு இலாபமா? ஓடிக்கு வட்டி ஒவ்வொரு நாளின் மீதிக்கும் கணக்கிட்டு மாத முடிவில் கணக்கில் கழிக்கப்படும். மேலே உள்ள எட்டு மாத மீதிகளைக் கூட்டினால் 125, பன்னிரண்டால் வகுத்தால் வருடச் சராசரி 10.4 இலட்சம். வட்டி 14 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 1 இலட்சத்து 46 ஆயிரம் ரூபாய். பெப்ரவரி, மார்ச்சில் சாமானுக்கு 56 இலட்சம் கொடுக்கிறீர்கள். கைக்காசுக்கு வாங்கினால் கம்பனி 4 வீதம் கழிவு தருமென்றால் 2 இலட்சத்து 24 ஆயிரம் மிச்சம். அந்தக் கழிவை ஒரு கம்பனியிடமிருந்தாவது எழுத்தில் வாங்கி இணைக்க வேண்டும். வாய்ச்சொல்லாக இருந்தால் அந்த வரியை எழுதவே வேண்டாம். கழிவு 2 வீதம்தான் என்றால் 1 இலட்சத்து 12 ஆயிரமே கிடைக்கும். அப்போது கழிவுக்காக ஓடி எடுப்பது நட்டம், பருவத்தில் சாமான் தட்டுப்பாடு இல்லாமல் இருப்பதால் கூடும் விற்பனை மட்டுமே காரணமாக நிற்கும். உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

இனிக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், எண்கள் இணைப்பில் இருக்கட்டும். கடையின் வரலாற்றை நீட்டி எழுதாமல், முதல் பந்தியிலேயே என்ன கேட்கிறீர்கள் என்று வைத்துவிடுங்கள். இப்படி:

"தங்கள் கிளையில் நான் பேணிவரும் நடைமுறைக் கணக்கின் மேலதிகப்பற்று எல்லையை ரூபா 15 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தித் தருமாறும், கணக்கில் தொடர்ச்சியாக நிலுவையாக உள்ள ரூபா 10 இலட்சத்தை 36 மாதத் தவணைக் கடனாக மாற்றித் தருமாறும் வேண்டுகிறேன். உயர்த்தப்படும் எல்லை பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான பருவக் கொள்வனவுக்குப் பயன்படும். மே முதல் வசூலால் குறைந்து, செப்டெம்பரில் முழுமையாகத் தீரும். மாதவாரிக் காசோட்டம் இணைப்பு 4இல் உள்ளது."

அடுத்த பந்தியில் விற்பனையும் இணக்கக்கூற்றின் நான்கு தொகைகளும் வரட்டும். அதற்கடுத்ததில் சரக்கு 80இல் தொடங்கி 30இல் முடியும் கணக்கு. கடைசியில் பிணை. இணைப்புகளில் வியாபாரப் பதிவுச் சான்றிதழ், உள்ளூராட்சி மன்ற உரிமம், வரி அறிக்கை, பன்னிரண்டு மாதக் கூற்றின் சுருக்கம் ஆகியவற்றோடு சரக்குப் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலில் எண்ணிய திகதியும் எண்ணியவரின் கையொப்பமும் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, கொள்விலை, கடைசியாக வாங்கிய விலைப்பட்டியலின் இலக்கம் எழுதுங்கள். "வலை வகைகள் – 30 இலட்சம்" என்று ஒரே வரியில் முடித்த பட்டியலை யாரும் சரிபார்க்க முடியாது, சரிபார்க்க முடியாததை வங்கி ஏற்பதும் இல்லை. அதிகாரி கடைக்கு வரும் நாளில் முழுச் சரக்கையும் எண்ண மாட்டார். ஐந்தாறு வரிகளைத் தெரிந்தெடுத்து, "இந்த 12 மில்லிமீற்றர் கயிறு நாற்பது சுருள் எங்கே?" என்று கேட்பார். இருபத்தெட்டுத்தான் இருந்தால், எண்ணிய நாளுக்குப் பிறகு பன்னிரண்டு விற்ற பில்லைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

வர வேண்டிய கடனுக்கும் ஆள்வாரியாகப் பட்டியல் வேண்டும். முப்பது நாளுக்குள், அறுபது, தொண்ணூறு, அதற்கு மேல் என்று நான்கு நிரல் போதும். உங்கள் பக்கங்களில் இரண்டு பேர் மட்டும் 11 இலட்சம் தர வேண்டியிருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அவர்களுக்கு இனி எவ்வளவுக்கு மேல் கடன் கொடுப்பதில்லை என்று ஒரு எல்லையை வைத்து, அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள்.

திரும்பிய காசோலைகளைப் பற்றி மௌனம் காக்காதீர்கள். 12 இலட்சம் வாடிக்கையாளர் தந்து திரும்பியது. அதில் எவ்வளவு பிறகு காசாகக் கிடைத்தது என்று எழுதுங்கள். அதைவிடப் பாரதூரமானது நீங்கள் கொடுத்த காசோலை காசில்லாமல் திரும்புவது. உங்கள் கூற்றில் ஏப்ரலில் அப்படி ஒன்று இருக்கிறது. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதாவது கிரிப்பில், திரும்பிய காசோலை விபரமும் பதிவாகும். உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே விண்ணப்பித்து முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். நண்பர் ஒருவருக்குப் பிணை நின்ற கடன் தவறியிருந்தால் அதுவும் உங்கள் பெயரில் தெரியும், வங்கியில் வைத்து முதல்முறையாக அதைக் கேள்விப்படுவது நல்லதல்ல.

பிணைக்கு வருவோம். இப்போதுள்ள ஈட்டு உறுதி 15 இலட்சத்துக்கு எழுதியது. எல்லை உயர்ந்தால் மேலதிகத் தொகைக்கு நொத்தாரிசு மூலம் இரண்டாவது ஈடு எழுத வேண்டும், அதற்கு முன் வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டை மறுபடி மதிப்பிட வேண்டும். வங்கி பார்ப்பது அவசரத்துக்கு விற்றால் கிடைக்கும் பெறுமதியை, அது சந்தை விலையை விடக் குறைவு. மதிப்பீட்டுக் கட்டணம், நொத்தாரிசுக் கட்டணம், முத்திரை வரி எல்லாம் உங்கள் கைச்செலவு. ஆகவே கடன் கிடைக்குமென்று கொள்கையளவில் சொன்ன பிறகு இந்தச் செலவில் இறங்குங்கள்.

சரக்குக் காப்புறுதியையும் இதே மூச்சில் சரிசெய்ய வேண்டும். நீங்கள் கட்டுவது 30 இலட்சத்துக்கான தீக் காப்புறுதி. கடையில் இருப்பதோ 80 இலட்சம். வலையும் கயிறும் மிதவையும் தீப்பற்றினால் நிற்காத சாமான். குறைத்துக் காப்புறுதி செய்தவருக்குச் சராசரி விதி பொருந்தும்: 20 இலட்சத்துக்கு எரிந்தால் எண்பதில் முப்பது பங்குதான், அதாவது 7.5 இலட்சம்தான் கிடைக்கும். மிச்சம் உங்கள் தலையில், அதன் பின்னால் வங்கியின் தலையில். வெள்ளத்தையும் புயலையும் சேர்த்து, பருவ உச்சத்தில் இருக்கும் சரக்கின் கொள்விலைக்கு எழுதுங்கள்.

காலத்தையும் பாருங்கள். பெப்ரவரிக் கொள்வனவுக்குக் காசு வேண்டுமென்றால் முன்மொழிவு டிசம்பர் நடுப்பகுதிக்குள் கிளையில் இருக்க வேண்டும். இந்த அளவுத் தொகை பெரும்பாலும் கிளையோடு முடியாது, பிராந்திய அலுவலகத்துக்குப் போய்வரும். அதற்குப் பிறகுதான் மதிப்பீடும் நொத்தாரிசும். சில கிழமைகள் அதிலேயே கழியும்.

கணக்கின் புரள்வு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று முகாமையாளர் முழு 30ஐயும் இந்தத் தடவை தர மறுக்கலாம். அப்போது முழுவதையும் திருப்பி வாங்கிக்கொண்டு வராதீர்கள். நிரந்தர எல்லை 20, அதற்கு மேல் பெப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை மட்டும் தற்காலிக மேலதிகப்பற்று 10 என்று கேளுங்கள். ஜூலை முடிவில் அட்டவணைப்படி 11 இலட்சம் மட்டுமே நிற்கும் என்பதால், தற்காலிகப் பங்கு ஆகஸ்டுக்கு முன்னரே தீர்ந்திருக்கும். அந்த மாதங்களில் எல்லையை ஒருநாளும் மீறாதீர்கள். மீறிய தொகைக்குக் கூடுதல் வட்டி விழும். மீறியே நிற்கும் கணக்கு தவறிய கடனாக வகைப்படுத்தப்படும் வழியில் போகும். ஏதாவது ஒரு காசோலைக்குக் காசு போதாது என்று தெரிந்தால், அது வங்கிக்கு வரும் முதல்நாளே கம்பனிக்கு அழைத்துத் திகதியை மாற்றிக்கொள்ளுங்கள். முகாமையாளருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.